உப்பில் ஊறிய ஜீன்ஸ்

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, கல்லூரியில் படிக்கும் என் மகன் ஒரு கருநீல ஜீன்ஸ் வாங்கிவந்தான். கடையில் மடித்த மடிப்புக் கலையாமல், அட்டையைப் போல விறைப்பாக இருந்த துணி அது. சாயம் போகும் துணியை முதல் முறை நனைப்பதற்கு முன்பு கல் உப்பு போட்ட தண்ணீரில் ஓர் இரவு ஊறவைக்க வேண்டும் என்பது என் அம்மா எனக்குச் சொல்லித்தந்த பழக்கம். ஈரோட்டில் எங்கள் தெருவில் அனேகமாக எல்லா வீடுகளிலும் அப்படித்தான் செய்வார்கள். நானும் ஒரு பக்கெட் தண்ணீரில் இரண்டு கை கல் உப்பைக் கரைத்து, ஜீன்ஸை அமுக்கி வைத்துவிட்டு உறங்கப் போனேன். விடிந்து பார்த்தபோது தண்ணீர் கருநீலமாக இருந்தது. போக வேண்டிய சாயம் போய்விட்டது, மிச்சத்தை உப்பு பிடித்துக்கொண்டிருக்கும் என்று எண்ணி, அதை ஒரு முறை அலசி, என் கணவரின் வெள்ளைப் பருத்திச் சட்டையோடு சேர்த்து வாஷிங் மெஷினில் போட்டேன். சட்டை வெளிர்நீலமாக, மடிப்பு விழுந்த இடங்களில் திட்டுத் திட்டாக வெளியே வந்தது. உறவினர் வீட்டுத் திருமணத்துக்காக வாங்கிய சட்டை என்பதால் என் வருத்தம் கொஞ்சமல்ல.

என் தம்பி திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் லேபில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறான். வாடிக்கையாளர் தரும் நிறத்துக்கு ஒப்பாகச் சாயம் கூட்டிப் பார்ப்பதும், சாயமேற்றிய துணியைத் துவைத்தும் தேய்த்தும் சோதிப்பதும் அவனுடைய அன்றாட வேலை. பதற்றத்தோடு அவனை அழைத்தபோது அவன் முதலில் சொன்னது, "அக்கா, அந்தச் சட்டையைக் காயப் போட்டுறாதீங்க, அயர்ன் பண்ணிறாதீங்க, தண்ணியிலயே வைங்க" என்பதுதான். அன்று மாலையே அவன் வந்து அந்தச் சட்டையை மீட்டுத் தந்தான். அதைவிட முக்கியமாக, நான் அதுவரை 'சாயம் போவது' என்ற ஒரே பெயரில் அழைத்துவந்தது உண்மையில் ஒன்றல்ல, வெவ்வேறு காரணங்களால் நிகழும் வெவ்வேறு சேதங்கள் என்பதைப் புரியவைத்தான். அன்று முதல் எங்கள் வீட்டில் ஜீன்ஸுக்கு ஒரு முறை, கறுப்புப் பனியன் துணிகளுக்கு வேறொரு முறை என்று ஆகிவிட்டது. இரண்டையும் நான் செய்துவரும்படியே எழுதுகிறேன்.

ஜீன்ஸில் இருப்பது இண்டிகோ. ஒரு காலத்தில் அவுரிச் செடியிலிருந்து எடுத்த அதே நீலம், இன்று ஆலைகளில் செயற்கையாகச் செய்யப்படுகிறது. இந்த நீலம் தண்ணீரில் கரையாது. அதனால் அதை இரசாயனத்தால் தற்காலிகமாகக் கரையும் நிலைக்கு மாற்றுகிறார்கள். அந்த நிலையில் அது நீலமாக இல்லாமல் மஞ்சளும் பச்சையும் கலந்த நிறத்தில் இருக்கும். அதில் நூலை முக்கி எடுத்துக் காற்றில் காட்டினால், காற்றுப் பட்டதும் மீண்டும் கரையாத நீலமாக மாறி நூலின் மேல் படிந்துகொள்கிறது. ஆழ்ந்த நிறம் வேண்டுமென்றால் இதைப் பல முறை திரும்பச் செய்வார்கள். ஒவ்வொரு முறையும் நீலம் நூலின் மேற்புறத்தில்தான் அடுக்கடுக்காக ஏறுகிறதே தவிர, நூலின் நடுப்பகுதி வெள்ளையாகவே இருந்துவிடுகிறது. பழைய ஜீன்ஸின் கிழிந்த ஓரத்திலிருந்து ஒரு நீல நூலை உருவி, முறுக்கைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே வெண்மை தெரிவதை எவரும் காணலாம். நீளவாக்கில் ஓடும் பாவு நூல் மட்டும் நீலமாகவும் குறுக்கே ஓடும் ஊடை நூல் சாயமேற்றாமலும் இருப்பதால்தான் ஜீன்ஸின் உட்புறம் வெளுப்பாக இருக்கிறது.

இந்த அமைப்பைத் தெரிந்துகொண்டால் ஜீன்ஸ் ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்பது விளங்கும். இண்டிகோ நூலோடு வேதிப்பிணைப்பு எதையும் கொள்ளவில்லை. நுண்ணிய துகள்களாக நூலின் மேலே சிக்கிக்கொண்டிருக்கிறது, அவ்வளவே. ஆகவே அது தண்ணீரில் கரைந்து வெளியேறுவதைக் காட்டிலும், உராய்வினால் உதிர்வதே அதிகம். உதிர்ந்த துகள்கள் தண்ணீரில் மிதந்து, அருகில் கிடைக்கும் வெள்ளைப் பருத்தியின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு நேரம் அந்த நீலத் தண்ணீரில் துணி கிடக்கிறதோ அவ்வளவுக்கு ஒட்டும். இரவு முழுதும் ஊறவைத்ததில் நான் செய்த பிழை இதுதான். ஜீன்ஸின் பையை வெளியே இழுத்துக் காட்டித் தம்பி அதை விளக்கினான். வாங்கும்போது வெள்ளையாக இருந்த பைத்துணி அந்த ஒரே இரவில் நீலமாகியிருந்தது. சட்டைக்கு முன்பே, அந்த ஜீன்ஸ் தன் பைக்குத் தானே சாயம் ஏற்றியிருந்தது.

அப்படியானால் உப்பு என்ன செய்தது என்று கேட்டேன். இண்டிகோவைப் பொறுத்தவரை ஒன்றும் செய்யவில்லை என்றான். உப்பு என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்திருக்கும் என்பதையும் அவனே சொன்னான். பட்டறையில் பருத்திப் பனியன் துணிக்குச் சாயமேற்றும்போது உண்மையாகவே உப்பு போடுகிறார்கள். கறுப்பு, கருநீலம் போன்ற அடர்ந்த நிறங்களுக்கு லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் வரைகூடப் போடுவதுண்டு. அது தண்ணீரில் கரைந்திருக்கும் சாயத்தைத் துணியை நோக்கித் தள்ளுவதற்காக. அதன் பிறகு சோடா சாம்பல் சேர்த்தால்தான் சாயம் பருத்தியோடு வேதிப்பிணைப்புக் கொள்ளும். நாம் வீட்டில் போடும் ஒரு கை உப்பு, ஒரு பக்கெட் தண்ணீருக்கு லிட்டருக்கு மூன்று நான்கு கிராம்தான் வரும். அந்த அளவே போதாது. அளவைக் கூட்டினாலும், பிணைப்பை உண்டாக்கும் வேலை உப்பினுடையது அல்ல. வினிகரும் அப்படித்தான். பட்டு, கம்பளி ஆகியவற்றில் பயன்படும் சில சாயங்களுக்கு அமிலம் துணை செய்யும். பருத்தி ஜீன்ஸில் இருக்கும் நீலத்தை அது பிடித்து நிறுத்தாது.

அடுத்த ஆண்டு மகன் அதே வகையான இன்னொரு ஜீன்ஸ் வாங்கியபோது தம்பி சொன்னபடி செய்தேன். முதலில் சோதனை. ஒரு வெள்ளைக் கைக்குட்டையின் ஓரத்தை நனைத்துப் பிழிந்து, ஜீன்ஸின் காலடி மடிப்பின் உள்பக்கத்தில், வெளியே தெரியாத இடத்தில், பத்து முறை அழுத்தித் தேய்த்தேன். கைக்குட்டையில் ஆழ்ந்த நீலம் ஏறியது. உலர்ந்த கைக்குட்டையால் தேய்த்தபோது அதைவிடக் குறைவாகவே ஏறியது. ஈரத்தில் இண்டிகோ இன்னும் எளிதாக உதிரும் என்பதால், ஈரத் துணியால் தேய்த்துப் பார்ப்பதே நம்பத்தக்க சோதனை. மெல்லிய நீலம்தான் ஏறுகிறது என்றால், அந்த ஜீன்ஸ் தொழிற்சாலையிலேயே ஒரு முறையாவது நன்றாகத் துவைக்கப்பட்டு வந்திருக்கிறது என்று கொள்ளலாம். கடையில் கிடைக்கும் வெளிர்நீல, ஆங்காங்கே வெளுத்த ஜீன்ஸ்கள் பெரும்பாலும் அந்த வகை. அவற்றுக்கு நான் கீழே எழுதும் அளவுக்கு மெனக்கெட வேண்டியதில்லை. விறைப்பான கருநீலத் துணிதான் கவனத்தைக் கேட்கிறது.

சோதனைக்குப் பிறகு ஜிப்பையும் பொத்தானையும் போட்டு, ஜீன்ஸை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பினேன். 20 லிட்டர் பக்கெட்டில் முக்கால் அளவுக்குக் குளிர்ந்த தண்ணீர், சோப்பு எதுவும் இல்லாமல். அதில் ஜீன்ஸை முழுவதும் அமிழ்த்தி, மேலும் கீழுமாக அழுத்தி எடுத்து, பத்து நிமிடத்துக்கு மேல் விடாமல் தூக்கிவிட்டேன். முதல் தண்ணீர் கருநீலமாகவும், விரல்களுக்கிடையே சற்று வழவழப்பாகவும் இருந்தது. அந்த வழவழப்பு, நெய்வதற்காகப் பாவு நூலில் ஏற்றியிருந்த கஞ்சி. இரண்டாவது தண்ணீரில் நீலம் பாதியாகக் குறைந்தது. மூன்றாவதில் பக்கெட்டின் அடி தெரிந்தது. நான்காவது தண்ணீர் இலேசான நீலம் மட்டும் காட்டியதும் நிறுத்திக்கொண்டேன். தண்ணீர் முற்றிலும் தெளியும் வரை அலசவேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கக் கூடாது. இண்டிகோ ஜீன்ஸ் அந்த நிலைக்கு வருவதற்குள் அதன் நிறமே போய்விடும். உதிரும் நிலையில் மேலே ஒட்டியிருக்கும் துகள்களை வெளியேற்றுவதுதான் இங்கே நோக்கம். அதைப் பல தண்ணீரில், ஒவ்வொன்றும் குறுகிய நேரமாகச் செய்ய வேண்டும். ஒரே தண்ணீரில் நெடுநேரம் ஊறப்போட்டால் வெளியேறிய துகள்கள் மீண்டும் துணியில் படியும்.

அதன் பிறகு, திரவச் சோப்பு ஒரு மூடி, சுமார் 20 மில்லி, 15 லிட்டர் தண்ணீரில் கலந்து, கால் மணி நேரத்துக்குள் துவைத்து முடித்தேன். பவுடரை விட்டுத் திரவச் சோப்பை எடுத்ததற்குக் காரணம் உண்டு. பல சலவைப் பவுடர்களில் வெள்ளைத் துணியைப் பளிச்சென்று காட்டுவதற்கான ஒளிர்வூட்டும் பொருள்களும், சிலவற்றில் வெளுப்புப் பொருள்களும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. வெள்ளைக்கு நன்மை செய்யும் அதே பொருள், கறுப்பையும் கருநீலத்தையும் சாம்பல் பூத்ததாகக் காட்டும். உறையின் பின்பக்கத்தில் வெளுப்புப் பொருள் உள்ளதென்று போட்டிருந்தால் அடர்ந்த நிறத் துணிகளுக்கு அதைப் பயன்படுத்துவதில்லை. துவைகல்லில் போட்டுப் பிரஷ்ஷால் தேய்ப்பதை முற்றிலும் நிறுத்திவிட்டேன். நூலின் மேலே மட்டும் நிறம் இருக்கும்போது, பிரஷ் ஒவ்வொரு முறை இழுக்கப்படுவதும் அந்த மேல்தோலைச் சுரண்டுவதுதான். காலடி மடிப்பில் சேறு படிந்திருந்தால் அந்த இடத்தில் மட்டும் சோப்புத் தண்ணீரைத் தொட்டு விரலால் கசக்குகிறேன்.

பிழிவதிலும் ஒன்றைச் சொல்லவேண்டும். கனத்த துணியை முறுக்கிப் பிழிந்தால், முறுக்கில் மேடாக நிற்கும் மடிப்புகள் ஒன்றோடொன்று உராய்ந்து, காய்ந்த பின் வெள்ளைக் கோடுகளாகத் தெரியும். மெஷினில் இடமில்லாமல் அடைத்துப் போட்டாலும் இதே கோடுகள் விழும். ஏனென்றால், துணி புரளாமல் ஒரே மடிப்பில் அரைபட்டுக்கொண்டே இருக்கும். பழைய ஜீன்ஸின் தொடையில் குறுக்காக ஓடிய கோடுகளைத் துணியின் தரக்குறைவு என்று நெடுநாள் நினைத்திருந்தேன். மெஷினைப் பாதிக்கு மேல் நிரப்பாமல், குளிர்ந்த தண்ணீரில், மென்மையான சுற்றில் போடத் தொடங்கிய பிறகு புதிய ஜீன்ஸில் அவை விழவே இல்லை. கையால் துவைக்கும்போது மடித்து அழுத்தி நீரை வடித்துவிட்டு, இடுப்புப் பட்டியைப் பிடித்துக் கொடியில் மாட்டிவிடுகிறேன், உள்பக்கம் வெளியே இருக்கும்படியே, நிழலில். மொட்டைமாடியில் வெயிலில் காய்ந்த பழைய கறுப்புப் பேண்ட் ஒன்றில், கொடிக்கு மேலே வெயிலைப் பார்த்திருந்த பாதி ஒரு நிறமாகவும், மறைந்திருந்த பாதி இன்னொரு நிறமாகவும் ஆகியிருந்ததைப் பார்த்த பிறகு சித்திரை வெயிலை நம்புவதை விட்டுவிட்டேன்.

இனி கறுப்புப் பனியன் துணி. மகனின் டீ சர்ட், மகளின் கறுப்பு லெகின்ஸ், சுடிதார் டாப் போன்ற பருத்தி உடைகள் இந்த வகை. இவற்றில் பெரும்பாலானவை ரியாக்டிவ் சாயம் ஏற்றப்பட்டவை. இந்தச் சாயம் இண்டிகோவைப் போல மேலே ஒட்டிக்கொண்டு நிற்பதன்று, பருத்தியோடு வேதிப்பிணைப்புக் கொள்வது. சரியாகப் பிணைந்த சாயம் வீட்டுத் துவைப்பில் எளிதில் போகாது. அப்படியிருந்தும் புதுக் கறுப்பு டீ சர்ட் மூன்று நான்கு முறை சாயம் விடுகிறதே என்று தம்பியிடம் கேட்டேன். சாயமேற்றும்போது ஒரு பகுதி, துணியோடு பிணைவதற்குப் பதிலாகத் தண்ணீரோடு வினைபுரிந்து வீணாகிவிடுகிறது. அது பிணையும் ஆற்றலை இழந்து, துணியின் இழைகளுக்குள் சும்மா தங்கியிருக்கும். அதை வெளியேற்றுவதற்காகப் பட்டறையில் கொதிநிலைக்கு அருகிலுள்ள சூடான தண்ணீரில் 'சோப்பிங்' என்று ஒரு வேலை செய்வார்கள். நேரத்தையோ தண்ணீரையோ மிச்சம் பிடிப்பதற்காக அந்தச் சோப்பிங்கைக் குறைத்துவிட்டால், மிஞ்சிய சாயம் நம் வீட்டுப் பக்கெட்டில் இறங்குகிறது. "பட்டறையில முடிக்காத வேலையை நீங்க வீட்ல முடிக்கிறீங்க, அக்கா" என்றான்.

ஆகவே இங்கே நான் செய்வது ஜீன்ஸுக்குச் செய்ததற்குக் கிட்டத்தட்ட எதிரானது. புதுக் கறுப்புப் பருத்தித் துணியை முதல் முறை மட்டும், கை பொறுக்கும் சூட்டில் உள்ள தண்ணீரில், சிறிது திரவச் சோப்புடன், தனியாகப் பதினைந்து நிமிடம் அலசியெடுக்கிறேன். தண்ணீரை மாற்றி இன்னும் இரண்டு முறை. குளிர்ந்த தண்ணீரில் இந்த மிச்சச் சாயம் முழுதாக இறங்காமல், ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாக வந்து மற்றத் துணிகளைக் கெடுத்துக்கொண்டிருக்கும். வெதுவெதுப்பான தண்ணீர் அதை ஒரே நாளில் கொண்டுவந்துவிடுகிறது. அதன் பிறகு அந்தத் துணிக்கு எப்போதும் குளிர்ந்த தண்ணீர்தான். உப்பு போடுவது இங்கே உதவாமல் இருப்பது மட்டுமல்ல, கெடுதலும் செய்கிறது. உப்பு, கரைந்த சாயத்தைத் துணியை நோக்கித் தள்ளுகிறது என்று மேலே எழுதினேன். அதே காரணத்தால் உப்புத் தண்ணீரில் மிச்சச் சாயம் வெளியே வராமல் இழைக்குள்ளேயே தங்கும். தண்ணீர் தெளிவாக இருப்பதைப் பார்த்து நாம் சாயம் நின்றுவிட்டது என்று மகிழ்வோம். அடுத்த வாரம் உப்பில்லாத தண்ணீரில் அது இறங்கும். துணியின் சீட்டில் சூடான தண்ணீர் கூடாது என்று இருந்தால், அல்லது பனியன் துணியில் ரப்பர் இழை கலந்திருந்தால், இந்தச் சூட்டு முறையைக் கையாளாமல் குளிர்ந்த தண்ணீரில் தனியாகப் பல முறை அலசுவதே நல்லது.

இங்கே நான் நெடுநாள் தவறாகப் புரிந்துகொண்டிருந்த இன்னொன்றையும் எழுதவேண்டும். முன்பு குடியிருந்த வீட்டில் துவைப்பதற்குக் காவிரித் தண்ணீர் கிடைத்தது. இப்போதைய வீட்டில் துவைப்பது முழுவதும் போர்த் தண்ணீரில், நாங்கள் உப்புத் தண்ணீர் என்று சொல்வது. இங்கே வந்த சில மாதங்களில் என்னுடைய கறுப்புச் சுடிதார் ஒன்று சாம்பல் படர்ந்ததைப் போல ஆகிவிட்டது. சாயம் போய்விட்டது என்று ஒதுக்கி வைத்திருந்தேன். தம்பி அதன் கையோரத்தை மட்டும் வினிகர் கலந்த தண்ணீரில் கால் மணி நேரம் வைத்து, அலசிக் காயப்போடச் சொன்னான். காய்ந்த பிறகு அந்தக் கையோரம் மட்டும் பழைய கறுப்பாக இருந்தது. போயிருந்தது சாயமல்ல. கடினத் தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து சோப்போடு சேர்ந்து வெள்ளைப் படலமாகத் துணியின் மேல் படிந்திருந்தது. பின்பு 5 லிட்டர் தண்ணீரில் 100 மில்லி சாதாரண வெள்ளை வினிகர் கலந்து முழுத் துணியையும் அவ்வாறே செய்து எடுத்தேன். வினிகருக்கு எங்கள் வீட்டுச் சலவையில் உள்ள இடம் இது ஒன்றுதான்.

இந்தச் சோதனையைச் செய்பவர்கள் ஈரத்தில் பார்த்து முடிவு செய்துவிடக் கூடாது. எந்தக் கறுப்புத் துணியும் நனைந்திருக்கும்போது கறுப்பாகத்தான் தெரியும். காய்ந்த பிறகும் கறுப்பு நின்றால் படலம், மீண்டும் வெளுத்தால் உண்மையாகவே சாயம் போனது அல்லது இழை பிசிறிட்டது. பிசிறு என்பது பருத்தித் துணியில் மூன்றாவது காரணம். உராய்ந்து உராய்ந்து மேற்பரப்பில் எழும் நுண்ணிய இழைகள் ஒளியைச் சிதறடிப்பதால், சாயம் அப்படியே இருந்தும் துணி நரைத்ததாகத் தெரியும். டீ சர்ட்டை உள்பக்கம் திருப்பித் துவைத்தால் அந்தப் பிசிறு வெளியே தெரியாத பக்கத்தில் எழும். வினிகரை ஒருபோதும் குளோரின் உள்ள வெளுப்புத் திரவத்தோடு சேர்த்துவிடக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரண்டும் சேர்ந்தால் நச்சு வாயு எழும்.

போர்த் தண்ணீரில் சோப்பு நுரைக்காததால் கூடுதலாகச் சோப்பு போடும் பழக்கம் எனக்கு இருந்தது. போடப் போடப் படலம் கூடும். இப்போது சோப்பைக் குறைத்து, ஒரு முறை கூடுதலாக அலசுகிறேன். கடைசி அலசலுக்கு மட்டும் குழாயில் வரும் நல்ல தண்ணீரில் அரைப் பக்கெட் எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் வீட்டில் இருப்பது செமி ஆட்டோமேட்டிக் மெஷின். தண்ணீரை மிச்சப்படுத்த ஒரே சோப்புத் தண்ணீரில் இரண்டு மூன்று தடவை துணி போடுவது வழக்கம். அந்த வழக்கத்தை நான் விடவில்லை, வரிசையை மட்டும் ஒழுங்குபடுத்தினேன். வெள்ளை முதலில், பிறகு வெளிர் நிறங்கள், பிறகு அடர்ந்த நிறங்கள், எல்லாவற்றுக்கும் கடைசியில் ஜீன்ஸ். ஜீன்ஸ் போட்ட தண்ணீரில் அதன் பிறகு எதையும் போடுவதில்லை. துவைத்து முடித்த துணிகளை ஈரத்தோடு குவித்து வைப்பதையும் நிறுத்தினேன். சாயம் ஏறும் விபத்துகளில் பல, துவைக்கும்போது நடப்பதில்லை, துவைத்த பின் பக்கெட்டில் ஒன்றன் மேல் ஒன்றாக அரை மணி நேரம் கிடக்கும்போதே நடக்கின்றன. கறுப்பும் வெள்ளையும் கோடு போட்ட குர்த்தாவில் கறுப்பு தன் பக்கத்து வெள்ளையிலேயே இறங்குவதும் அப்படித்தான். அத்தகைய துணியை எடுத்த உடனே ஒரு பழைய துண்டில் சுருட்டி ஈரத்தை உறிஞ்சவைத்து, மடிப்பு ஒன்றன் மேல் ஒன்று படாமல் விரித்துக் காயப்போட வேண்டும்.

அந்த வெள்ளைச் சட்டை மீண்ட கதை இன்னும் பாக்கியிருக்கிறது. தம்பி வரும் வரை அதைத் தண்ணீரிலேயே வைத்திருந்து, நாலைந்து முறை தண்ணீரை மாற்றினேன். அதிலேயே நீலம் ஓரளவு குறைந்திருந்தது. முற்றிலும் காய்ந்து, அதன் மேல் சூடான அயர்னும் பட்டிருந்தால் இவ்வளவு எளிதாக இருந்திருக்காது என்றான். அவன் கொண்டுவந்தது பட்டறைகளில் ஹைட்ரோஸ் என்று சொல்லும் வெள்ளைத் தூள். பின்கட்டில், காற்றோட்டமான இடத்தில், கையுறை போட்டுக்கொண்டு, கை வைக்க முடியாத சூட்டில் 5 லிட்டர் தண்ணீரில் சலவைச் சோடா இரண்டு தேக்கரண்டியும், அந்தத் தூள் ஒரு தேக்கரண்டியும் கலந்து சட்டையை ஒரு குச்சியால் அமிழ்த்தினான். நீலத் திட்டுகள் சில நிமிடங்களில் மஞ்சளாக மாறிக் கரைந்தன. ஆலையில் இண்டிகோவைக் கரையவைக்கச் செய்யும் அதே வேலைதான் இது, இம்முறை அதைத் துணியிலிருந்து வெளியேற்றுவதற்காக. பத்து நிமிடத்தில் எடுத்து, ஒரு கணமும் காற்றில் வைக்காமல் நிறையத் தண்ணீரில் அலசினான். மஞ்சளாக இருக்கும் நிலையில் காற்றுப் பட்டுவிட்டால் மிச்சமிருப்பது மீண்டும் நீலமாகிவிடும் என்பதால் அந்த அவசரம். பொத்தான் தைத்த நூலும் காலர் பட்டையும் உட்பட அந்தச் சட்டை முழுவதும் வெள்ளை என்பதால்தான் இதைச் செய்ய முடிந்தது. நிறமுள்ள துணியிலோ, வண்ண எம்பிராய்டரி உள்ள வெள்ளைத் துணியிலோ இதைப் போட்டால் துணியின் சொந்த நிறமும் சேர்ந்து போய்விடும். தூள் ஈரம் பட்டால் சூடேறித் தீப்பிடிக்கக் கூடியது, அமிலத்தோடும் வெளுப்புத் திரவத்தோடும் சேரக் கூடாதது. அதனால் மீதித் தூளை அவன் எங்கள் வீட்டில் விட்டுவைக்காமல் திரும்ப எடுத்துப் போய்விட்டான். வீட்டிலேயே செய்ய விரும்புபவர்கள், நிறக்கறை நீக்குவதற்கென்று கடையில் விற்கும் பொருளை உறையில் எழுதியிருக்கும் அளவுப்படி, வெள்ளைத் துணிக்கு மட்டும் பயன்படுத்துவது பாதுகாப்பானது.

ஜீன்ஸை எவ்வளவு நாளைக்கு ஒரு முறை துவைக்கலாம் என்பதில் எனக்கும் மகனுக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. நிறம் போகாமல் இருக்க மாதக்கணக்கில் துவைக்காமல் அணியலாம் என்று அவன் நண்பர்கள் சொல்லியிருந்தார்கள். குளிர்ந்த ஊர்களில் அது பொருந்தலாம். பேருந்தில் வியர்வையில் நனைந்து வீடு திரும்பும் நம் ஊரில் பொருந்தாது. ஒவ்வொரு நாளும் கழற்றியதும் காற்றாட மாட்டிவைத்து, நான்கு முறை அணிந்த பின் துவைப்பது என்று இப்போது வைத்திருக்கிறோம்.

முதல் ஜீன்ஸும் இரண்டாவதும் இன்றும் அலமாரியில் அருகருகே தொங்குகின்றன. இரண்டாவதும் நிறம் மங்கவே செய்திருக்கிறது, முழங்காலிலும் தொடையிலும் வெளிர்ந்து, காலடியில் கருநீலமாகவே நிற்கிறது. உட்கார்ந்தும் நடந்தும் உராயும் இடத்தில் இண்டிகோ உதிர்வதை எந்தத் துவைப்பு முறையாலும் தடுக்க முடியாது. ஆனால் அதன் பையை வெளியே இழுத்துப் பார்த்தால் பைத்துணி வாங்கிய அன்று இருந்த வெள்ளை குலையாமல் இருக்கிறது. முதல் ஜீன்ஸின் பை, அன்று இரவு ஏறிய நீலத்தோடு இன்னும் அப்படியே இருக்கிறது.